ஃபிரிட்ஜ் கதவு றப்பரில் பூஞ்சணம் திரும்பத் திரும்ப வந்தால் பின்னால் இருக்கும் தட்டையும் பாருங்கள்

"கல்லடியில் இருக்கிறம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், வாங்கி ஏழு வருஷம். கதவு றப்பரின் அடி மடிப்பில கறுப்புப் பூஞ்சணம். வினாகிரி போட்டுத் துடைச்சா போகுது, மூன்று கிழமையில திரும்ப வருது. மரக்கறிப் பெட்டிக்குக் கீழ தண்ணி நிக்குது, பின்பக்கத்தால ஒரு சேற்று மணமும் வருது. றப்பரை மாத்தத்தான் வேணுமா?"

உடனே மாற்ற வேண்டாம், தங்கச்சி. றப்பர், மரக்கறிப் பெட்டிக்குக் கீழே, பின்பக்கம் என்று மூன்று இடம் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றிலும் நிற்பது ஒரே தண்ணீர்தான். றப்பரை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தால் மூன்று கிழமைக்கு ஒரு தடவை துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நான் மட்டக்களப்பில் ஃபிரிட்ஜ், ஏசி திருத்துகிற ஆள். இந்த முறைப்பாடு மார்கழி, தை மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று வீட்டிலிருந்து வரும், அதில் பாதிக்கு மேல் றப்பரில் ஒரு பிழையும் இருக்காது.

முதலில் அந்தத் தண்ணீர் போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன், அது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் குசினிக் காற்று உள்ளே போகிறது. எங்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஈரம் உள்ளே எந்த இடம் மிகக் குளிராக இருக்கிறதோ அங்கே போய் ஒட்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் அது மேலே உள்ள ஐஸ் பெட்டி. அங்கே பனியாகக் கட்டி, நீங்கள் டீஃப்ரொஸ்ட் பொத்தானை அமுக்கும்போது உருகி, பெட்டிக்குக் கீழே உள்ள தட்டுக்கோ பின்சுவரில் உள்ள சின்னப் பீலிக்கோ வரும். அங்கே சுண்டுவிரல் நுழையாத அளவில் ஒரு துவாரம் இருக்கும். துவாரத்திலிருந்து ஒரு குழாய் பின்பக்கத்தால் இறங்கி, கொம்பிரசருக்கு மேலே வைத்திருக்கிற பிளாஸ்டிக் தட்டில் தண்ணீரை விடும். கொம்பிரசர் சூட்டில் அது ஆவியாகிவிடும். அதனால்தான் அந்தத் தட்டை ஊற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை, அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

வெறும் தண்ணீர் வழுவழுப்பாகாது. அதற்குச் சாப்பாடு வேண்டும். எங்கள் வீடுகளில் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஒன்று மீன் பை, மற்றது சட்டித் தயிர். சந்தையில் வாங்கிய மீனைக் கழுவி அதே ஷொப்பிங் பையோடு ஐஸ் பெட்டிக்குள் தள்ளுகிறோம். பையில் ஒரு சின்ன ஓட்டை போதும், மீன் தண்ணீர் நேரே கீழ்த் தட்டுக்கு வந்து துவாரத்துக்குள் போகும். தயிர்ச் சட்டி மண் சட்டி என்பதால் கசியும், அந்தத் தயிர்த் தண்ணீர் தட்டில் வழிந்து பின்சுவர்ப் பக்கம் ஓடும். பிறகு அந்தக் குழாய்க்குள் கிருமிகள் கூட்டமாக ஒட்டி ஒரு சளி போல வளரும். குளிர்தானே, ஒன்றும் வளராது என்று நினைக்காதீர்கள். குளிர் பல கிருமிகளின் வளர்ச்சியை மெதுவாக்கும், அவ்வளவுதான்; லிஸ்டீரியா என்ற கிருமி 4 பாகையிலும் வளரக்கூடியது. கதவு றப்பரோ உள்ளே இருக்கிற அளவுக்குக் குளிரும் இல்லை. ஒரு பக்கம் ஃபிரிட்ஜின் குளிர், மறுபக்கம் குசினிச் சூடு, நடுவில் வியர்வை, மடிப்புக்குள் கதவுத் தட்டிலிருந்து வழிந்த பால் துளி. பூஞ்சணத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அடி மடிப்பில்தான் கூடுதலாக வரும் என்று நீங்கள் சொன்னதும் இதனால்தான், வழிகிறதெல்லாம் அங்கே வந்து தேங்குகிறது.

போன மார்கழியில் நாவற்குடாவில் ஒரு வீட்டுக்குப் போனேன், ஏறக்குறைய உங்கள் கதைதான். அந்த அம்மா புது றப்பருக்கு விலை கேட்டுத்தான் கூப்பிட்டார். அங்கே செய்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களும் அதே ஒழுங்கில் செய்யலாம்.

துடைக்க முன்னம் ஒரு சோதனை. இருபது ரூபாய்த் தாள் ஒன்றைக் கதவுக்கும் உடலுக்கும் நடுவில் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவைச் சாத்துங்கள். மெல்ல இழுங்கள். நல்ல இடத்தில் அது ஒரு பிடியோடு வரும், றப்பர் விட மனமில்லாமல் விடுவது கைக்குத் தெரியும். பிடியே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தால் காற்றுப் போகிறது. நான்கு பக்கமும், முக்கியமாக நான்கு மூலையிலும் பாருங்கள், வழுக்குகிற இடத்தில் வெளியே ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். நாவற்குடாவில் பிணைச்சல் பக்கத்துக் கீழ் மூலையில் மட்டும் தாள் சும்மா வந்தது. பூஞ்சணமும் அந்த மூலையிலிருந்துதான் தொடங்கி இரண்டு பக்கமும் பரவியிருந்தது. தற்செயலாக இல்லை: ஈரக்காற்று நுழைகிற இடத்தில்தான் வியர்க்கும், வியர்க்கிற இடத்தில்தான் கறுக்கும்.

அப்புறம் பிளக்கைக் கழற்றுங்கள். ஆளியை நிற்பாட்டினால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள், ஏனென்றால் பிறகு பின்பக்கம் கை போடப்போகிறோம். சாமான்களை வெளியே எடுத்து ஒரு றெஜிஃபோம் பெட்டியில் ஐஸோடு வையுங்கள். ஐஸ் பெட்டியில் பனி கட்டியிருந்தால் கதவைத் திறந்துவிட்டு அது தானாக உருகட்டும். கத்தி, கரண்டிக் காம்பு என்று எதையும் போட்டுக் கிண்ட வேண்டாம். அந்தப் பெட்டியின் சுவருக்குள்தான் காஸ் ஓடுகிறது. ஒரு குத்து விழுந்தால் காஸ் போய்விடும், புதிய ஃபிரிட்ஜ்களில் பலதில் இருப்பது தீப்பற்றக்கூடிய R600a வேறு. ஐஸைக் குத்தி ஓட்டையாக்கிக் கொண்டுவரும் ஃபிரிட்ஜ்கள் எங்கள் கடைக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பனி உருகிக்கொண்டிருக்கும்போது றப்பரைத் தொடங்கலாம். ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவுகிற திரவம் நான்கைந்து துளி. பழைய பல் பிரஷ் ஒன்று, பழந்துணி இரண்டு. எல்லோரும் முதலில் வினாகிரியை எடுக்கிறார்கள், அங்கேதான் பிழை விடுகிறார்கள். மடிப்புக்குள் இருப்பது பால், எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்த ஒரு பிசின். அதற்கு மேலே வினாகிரியை ஊற்றினால் மேலே தெரிகிற கறுப்பு கொஞ்சம் போகும், கீழே பிசின் இருக்கும், அதிலிருந்தே திரும்ப முளைக்கும். சவர்க்காரத் தண்ணீர்தான் அந்தப் பிசினைக் கழற்றும். மடிப்பை ஒரு விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, பிரஷை மடிப்பின் நீளவாக்கில் ஓட்டுங்கள். குறுக்கே தேய்த்தால் மூலையில் கிழியும். பிரஷ் போகாத மூலைக்குத் துணியை விரல் நுனியில் சுற்றியோ காது துடைக்கிற பஞ்சுக் குச்சியாலோ துடைக்கலாம். கதவுப் பக்கம் மட்டும் போதாது, றப்பர் போய் ஒட்டுகிற உடல் விளிம்பையும் துடையுங்கள், அங்கேயும் ஒரு பிசுக்கு வளையம் இருக்கும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் சவர்க்காரத்தை எடுத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

இவ்வளவுக்கும் மிஞ்சி நிற்கிற கறுப்புப் புள்ளிகளுக்குத்தான் ப்ளீச். ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. பூஞ்சணம் உள்ள இடத்தில் மட்டும், அந்தக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணித் துண்டை மடிப்புக்குள் திணித்துப் பத்து நிமிடம் விடுங்கள், பிறகு இரண்டு தடவை வெறும் தண்ணீரால் துடையுங்கள். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள், வீட்டில் முட்டு வருத்தக்காரர் இருந்தால் அந்த நேரம் குசினிப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லுங்கள். வினாகிரி போட்ட இடத்தில் ப்ளீச் போடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நீங்கள் ஏற்கெனவே வினாகிரி பாவிக்கிறபடியால் இதை அழுத்திச் சொல்கிறேன்: இந்தத் தடவை வினாகிரி போத்தலை அலுமாரியிலேயே விடுங்கள்.

ப்ளீச்சுக்குப் பிறகும் ஒரு மங்கிய சாம்பல் கறை இருந்தால் விட்டுவிடுங்கள். றப்பர் என்று நாங்கள் சொன்னாலும் அது மென்மையான பி.வி.சி.; பூஞ்சணம் நாள்பட்டு இருந்தால் நிறம் உள்ளுக்குள் ஊறிவிடும். கையால் தடவிப் பாருங்கள், வழுவழுப்பு இல்லாமல், மணம் இல்லாமல் இருந்தால் அது வெறும் கறை. அதைப் போக்குகிறேன் என்று வாராவாரம் ப்ளீச் போட்டால் றப்பர் விறைத்து வெடிக்கும். தின்னர், பெற்றோல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் நான் உண்மையில் புது றப்பர் விற்கிறேன்.

சரி, இப்போது துவாரம். ஐஸ் பெட்டிக்குக் கீழே உள்ள தட்டை வெளியே எடுத்துவிட்டுப் பின்சுவரைப் பாருங்கள். மாடலுக்கு மாடல் இடம் மாறும். சிலதில் மேலேயே இருக்கும், சிலதில் மரக்கறிப் பெட்டிக்குச் சற்று மேலே V வடிவப் பீலி ஒன்றின் நடுவில் இருக்கும். நாவற்குடா வீட்டில் துவாரம் என்று ஒன்று தெரியவே இல்லை, ஒரு வெள்ளைப் பசை அதை மூடி, மேலே ஒரு சோற்றுப் பருக்கை உட்கார்ந்திருந்தது. உருகின தண்ணீருக்குப் போக வழியில்லை, அதனால் சுவரால் வழிந்து மரக்கறிப் பெட்டிக்குக் கீழே சேர்ந்திருந்தது. உங்களுடையதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ் ஒன்று பாமசியில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தேநீர்க் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கரையுங்கள். பசையை முதலில் துணியால் வழித்தெடுத்துவிடுங்கள், அதை உள்ளே தள்ளினால் குழாயின் அடியில் போய் அடைக்கும். பிறகு சிரிஞ்சைத் துவாரத்தின் வாயோடு வைத்து மெல்ல அழுத்துங்கள். தண்ணீர் திரும்பிக் கொப்பளித்தால் கொஞ்சம் இழுத்துவிட்டுத் திரும்ப அழுத்துங்கள், இழுப்பும் தள்ளலுமாக ஐந்தாறு தடவையில் ஒரு "களக்" என்று போகும். போகாவிட்டால் மின்சார வயரின் மேலுறையை மட்டும் உருவியெடுத்த வளைகிற பிளாஸ்டிக் குழல், அல்லது புல்வெட்டும் மெஷினுக்குப் போடுகிற நைலோன் நரம்பு, நுனியை நெருப்பில் காட்டி மழுக்கிவிட்டு உள்ளே விடலாம். இரும்புக் கம்பி வேண்டாம், குழாயைத் துளைத்துவிட்டால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிற ஃபோமில் இறங்கும், பிறகு மணம் எங்கிருந்து வருகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கொதிதண்ணீரும் வேண்டாம், வேலை பழகிய காலத்தில் நான் அப்படி ஊற்றி ஒரு வாடிக்கையாளரின் பீலியை வெடிக்க வைத்து, சம்பளத்தில் கழிபட்ட ஆள்.

தண்ணீர் போகிறது என்பதை உள்ளே பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு ஆளை உள்ளே ஒரு கோப்பை ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் டோர்ச்சோடு பின்னால் போய்த் தட்டில் விழுகிறதா என்று பாருங்கள். சில ஃபிரிட்ஜ்களில் குழாயின் கீழ் முனையில் வாத்துச் சொண்டு மாதிரி ஒரு சின்ன றப்பர் மூடி இருக்கும், வெளிச் சூட்டுக்காற்று மேலே ஏறாமல் இருக்க. சளி முழுக்க அந்தச் சொண்டுக்குள்தான் கட்டும். பிடுங்கியெடுத்து, சவர்க்காரத் தண்ணீரில் நசித்துக் கழுவித் திரும்பப் போடுங்கள். எறிந்துவிட வேண்டாம்.

பின்தட்டுக்கு வருவோம், மணம் அங்கேதான். பிளக் கழற்றி ஒரு மணித்தியாலமாவது ஆகியிருக்க வேண்டும், கொம்பிரசர் கையைச் சுடும். ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நேராக முன்னுக்கு இழுங்கள், சரிக்க வேண்டாம். சரித்தால் தட்டில் இருக்கிற தண்ணீர் கொம்பிரசரின் பக்கத்தில் உள்ள வயர் பெட்டிக்குள் போகும். இன்வேர்ட்டர் மாடலில் மின்சுற்றுப் பலகையும் அங்கேதான் பக்கத்தில் இருக்கும், அதன் விலையை நினைத்தாலே போதும். தட்டு ஒரு ஸ்குறூவிலோ இரண்டு கொக்கியிலோ நிற்கும். கழற்ற முன்னம் உள்ளே இருக்கிற தண்ணீரை அதே சிரிஞ்சாலோ ஸ்பொஞ்சாலோ எடுத்துவிடுங்கள். கழற்ற முடியாத மாடல் என்றால் வம்புக்குப் போகாமல், இருக்கிற இடத்திலேயே ஸ்பொஞ்சால் ஒற்றிக் கழுவலாம்.

நாவற்குடாவில் அந்தத் தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், அடியில் கபில நிறச் சளி, மேலே நெளிந்துகொண்டு நுளம்புக் குடம்பிகள். அந்த அம்மா அப்படியே பின்வாங்கிவிட்டார். வீட்டு முற்றத்தில் ஒரு சிரட்டை இல்லை, பூச்சாடித் தட்டு இல்லை, எல்லாம் துப்புரவு, பி.எச்.ஐ. வந்து பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லிப் போனவர். குசினிக்குள்ளேயே டெங்கு நுளம்பு வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. சும்மா நாட்களில் கொம்பிரசர் சூட்டில் தட்டு காய்ந்துவிடும். கச்சான் அடிக்கிற ஆனி, ஆடியில் திறந்தால் ஒரு காய்ந்த கபிலப் பொருக்கு மட்டும்தான் இருக்கும். மார்கழி மழையில் காற்றே நனைந்து கிடக்கிறது, ஆவியாகிறது குறைவு, கதவு இடுக்கால் உள்ளே போகிற ஈரமோ கூட. வருகிறது கூடி, போகிறது குறைந்தால் தண்ணீர் நிற்காமல் என்ன செய்யும். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும்.

இதில் பலர் விடுகிற பிழை, தண்ணீரை ஊற்றிவிட்டுத் தட்டைத் திரும்ப வைப்பது. டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவிடும், கண்ணுக்குக் கரி தூவினது மாதிரி இருக்கும். அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறும்போது பொரிக்கும். ஆகவே தட்டின் சுவர்களை, முக்கியமாக நீர்மட்டக் கோடு தெரிகிற இடத்தை, கரடான பிரஷால் உரஞ்ச வேண்டும். முதலில் சளியைப் பழைய ரீலோட் கார்ட் மாதிரி ஒன்றால் வழித்துக் கடதாசியில் எடுத்துக் குப்பையில் போடுங்கள், கழுவுதொட்டியில் ஊற்றினால் அங்கே அடைக்கும். பிறகு சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு உரஞ்சல், பிறகு றப்பருக்குக் கலந்த அதே அளவு ப்ளீச் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம், பிறகு அலசி முற்றத்தில் அரை மணித்தியாலம் வெயில். சில தட்டுக்குள்ளால் ஒரு சூட்டுக் குழாய் ஓடும். தட்டைக் கழற்ற முடியாமல் அங்கேயே கழுவுகிறீர்கள் என்றால் ப்ளீச்சை விட்டுவிட்டு சவர்க்காரத்தோடு நிறுத்துங்கள், குழாய் அரித்தால் போச்சு. உப்புப் போட்டு வைக்கலாமா என்று கேட்பார்கள், அதுவும் அந்தக் குழாயை அரிக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி வைத்த ஒரு தட்டையும் கண்டிருக்கிறேன்: சூடான கொம்பிரசருக்கும் மின்சாரத்துக்கும் பக்கத்தில் மண்ணெண்ணெய்! எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் ஆவியாகவும் மாட்டாது.

தட்டுக் கழன்றிருக்கிற நேரம் கொம்பிரசரைச் சுற்றியுள்ள தூசியையும் காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். தட்டு காய்ந்த பிறகு திரும்பப் போட மறக்க வேண்டாம், சிரிக்காதீர்கள், மறந்தவர்கள் உண்டு.

இனி, பூஞ்சணம் ஏன் திரும்ப வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன், டேப் ஒட்டின இடம் நினைவிருக்குத்தானே. நாவற்குடாவில் அந்த மூலையில் இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, ஃபிரிட்ஜ் முன்பக்கம் சாய்ந்து நின்றது. தரை சரிவு, முன் கால்கள் முழுக்க உள்ளே திருகியிருந்தன. முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு சென்றிமீற்றர் அளவு உயர்ந்து நிற்க வேண்டும், கதவைக் கால்வாசி திறந்து விட்டால் அது தானாக வந்து சாத்த வேண்டும். முன் கால்களைத் திருகி உயர்த்தினதோடு அது சரியானது. மற்றது, றப்பர் போய் ஒட்டுகிற இரும்பு விளிம்பில் துரு. கடலுக்குக் கிட்ட இருக்கிற எங்கள் ஊரில் இது சாதாரணம். பெயின்ற்றுக்கு உள்ளே துரு பொங்கிச் சொரசொரவென்று ஒரு திட்டு. றப்பருக்குள் இருக்கிற காந்தம் எவ்வளவு இழுத்தாலும் அந்த மேட்டுக்குப் பக்கத்தில் மயிரளவு இடைவெளி விழும். மெல்லிய சாண்ட் பேப்பரால் உரஞ்சி, துருத் தடுப்புப் பூச்சு ஒன்று, அதற்கு மேலே வெள்ளை எனாமல் ஒன்று, மெல்லிசாக. நன்றாகக் காய்ந்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் றப்பர் ஒட்டிக்கொண்டு பெயின்ற்றோடு வரும். அதற்குள் விளிம்பில் ஒரு கடதாசித் துண்டை வைத்துவிடலாம்.

துரு இல்லை, சாய்வு இல்லை, ஆனாலும் தாள் வழுக்குகிறது என்றால் றப்பர் அந்த இடத்தில் நசிந்து வடிவம் போயிருக்கலாம். சூட்டுத் தண்ணீரில் நனைத்த துவாயை அந்த இடத்தில் ஐந்து நிமிடம் பிடித்து, றப்பர் இளகினதும் விரலால் வெளியே இழுத்து வடிவம் கொடுத்து, கதவைச் சாத்தி ஒரு இரவு விடுங்கள். பிணைச்சல் பக்கத்தில் றப்பர் உடலோடு உரசிச் சுருளுகிறது என்றால் அங்கே மட்டும் மிக மெல்லிசாக வாஸ்லின் பூசலாம், பூசிவிட்டுத் துணியால் துடைத்தும் விடுங்கள். கூடினால் தூசி ஒட்டி அடுத்த பூஞ்சணத்துக்கு அத்திவாரமாகும்.

றப்பர் மாற்ற வேண்டிய நிலையும் உண்டு. கிழிந்திருந்தால், மூலை கல் மாதிரி விறைத்து இளக்கியும் மடங்காவிட்டால், அல்லது கறுப்பு வெளி மடிப்பில் இல்லாமல் உள்ளே உள்ள பொந்துக்குள் தெரிந்தால். பொந்துக்குள் போனதை எந்தப் பிரஷும் எடுக்காது. அப்படியானால் பழைய றப்பரின் ஒரு சாண் துண்டைக் கையில் கொண்டுபோங்கள். கதவின் அளவு மட்டும் சொல்லி வாங்காதீர்கள், வெட்டுமுகத்தின் வடிவம் பொருந்தாவிட்டால் பள்ளத்துக்குள் உட்காராது. புதியது மடித்துச் சுருட்டி வரும், போட முன்னம் கால் மணித்தியாலம் சூட்டுத் தண்ணீரில் போட்டால் மடிப்பெல்லாம் நிமிரும்.

இரண்டு கதவு நோ-ஃப்ரொஸ்ட் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள், உங்களுக்கு றப்பரும் பின்தட்டும் இதே மாதிரிதான். துவாரம் மட்டும் ஃப்றீசரின் பின் பலகைக்கு உள்ளே, ஹீற்றருக்குக் கீழே மறைந்திருக்கும். ஃப்றீசர் தரையில் ஐஸ் பலகை மாதிரிக் கட்டினால் அந்தத் துவாரம் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு இரவு முழுக்க பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்துவிட்டால் ஐஸ் அடைப்பாக இருந்தால் தீரும். சளி அடைப்பு என்றால் இரண்டு நாளில் திரும்பும், அப்போது ஆளைக் கூப்பிடுங்கள், அந்தப் பலகைக்குள் வயரும் சென்சரும் இருக்கின்றன.

நாவற்குடா அம்மாவுக்கு அன்று காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, பெயின்ற் காய்கிற நேரத்தையும் சேர்த்துப் பின்னேரம் மூன்று மணிக்கு முடித்தோம். மாசி மாதம் வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். அடி மடிப்பில் பழைய சாம்பல் கறை அப்படியே இருந்தது, புதிதாக ஒன்றும் இல்லை. பின்தட்டில் ஒரு விரல் நுனி நனைகிற அளவு தண்ணீர். தயிர்ச் சட்டிக்குக் கீழே ஒரு பீங்கான், மீனெல்லாம் மூடியுள்ள பெட்டியில். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒரு தடவை தட்டை உரஞ்சுகிறாராம், கிழமைக்கு ஒரு தடவை அடி மடிப்பைச் சவர்க்காரத் துணியால் ஒரு இழுப்பு, பிறகு காய்ந்த துணியால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

நீங்கள் முதலில் தாள் சோதனையையும் துவாரத்தையும் பாருங்கள். எந்த மூலையில் வழுக்குகிறது, தண்ணீர் ஊற்றினால் பின்தட்டுக்கு வருகிறதா என்ற இரண்டையும் எழுதினால், றப்பர் தேவையா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.